உளுந்து மூட்டைக்குக் கோல்டு ஸ்டோரேஜ் வாடகை: மாதத்தை எப்படி எண்ணுகிறார்கள், கெட்டுப்போனால் யார் பொறுப்பு

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல் அறுத்த ஈரத்திலேயே அது கிளம்பி வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், எல்லாரும் ஒரே சமயத்தில் தெளிப்பதால் பங்குனி, சித்திரையில் எல்லார் வீட்டுக் களத்திலும் ஒன்றாகவே உளுந்து வந்து குவியும். வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2025-26க்கு உளுந்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தாலும், களத்தில் வந்து கேட்கிறவர்கள் அதற்குக் கீழேதான் கேட்பார்கள். வீட்டில் வைத்திருந்து ஆடியில் விற்கலாம் என்றால் வண்டு விடாது. அதனால்தான் நானும் என் மச்சானும் சேர்ந்து குளிர்பதனக் கிடங்குக்குப் போனோம். நான் சொல்லப்போவது முழு உளுந்து பற்றி மட்டும். வாழைக்கும் காய்கறிக்கும் பெட்டிக் கணக்கு, நாள் கணக்கு என்று பேச்சே வேறு.

எங்களிடம் முதலில் சொன்ன வாடகை மூட்டைக்கு மாதம் 20 ரூபாய். இது அந்தக் கிடங்கில் பேசிய விலை, மற்ற இடங்களில் கூடக் குறைய இருக்கும். இருபது ரூபாய் என்றதும் மச்சான் சரி என்று தலையாட்டிவிட்டார். நான்தான், "மூட்டைன்னா எத்தனை கிலோ வரைக்கும்ண்ணே?" என்று கேட்டேன். ஐம்பது கிலோ வரை என்றார் மேனேஜர். அதற்கு மேல் போனால் ஒன்றரை மூட்டையாகக் கணக்கிடுவார்களாம். நம் பக்கம் சணல் சாக்கில் பிடிக்கும்போது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று கிலோ வருவது சாதாரணம். அந்த இரண்டு கிலோவுக்காக மாதா மாதம் மூட்டைக்குப் பத்து ரூபாய் கூடப் போகும். ஆகவே களத்திலேயே தராசு வைத்து, சாக்கின் எடையும் சேர்த்து ஐம்பதுக்குள் பிடித்துவிடுவது நல்லது.

அடுத்து கேட்க வேண்டியது மாதத்தைப் பற்றி. வாடகையில் பெரிய வித்தியாசம் வருவது இதில்தான். மாதத்தை எண்ண மூன்று வழி இருக்கிறது. காலண்டர் மாதம் என்றால், எந்தத் தேதியில் இறக்கினாலும் அந்த மாதம் முழுதாகச் சேரும், எடுக்கிற மாதமும் அப்படியே. தேதிக்குத் தேதி என்றால், 22ஆம் தேதி இறக்கியது அடுத்த மாதம் 21 வரை ஒரு மாதம். மூன்றாவது, முதல் மாதம் போக மீதிக்கு அரை மாதக் கணக்கு, அதாவது பதினைந்து நாளுக்குள் எடுத்தால் அரை வாடகை.

எங்கள் சரக்கையே வைத்துப் பார்ப்போம். 60 மூட்டை, ஐம்பது கிலோ வீதம் 30 குவிண்டால். ஏப்ரல் 22 அன்று இறக்கி ஆகஸ்ட் 3 அன்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காலண்டர் கணக்கில் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று ஐந்து மாதம், 6,000 ரூபாய். தேதிக்குத் தேதி என்றால் நான்கு மாதம், 4,800. அரை மாதக் கணக்கு இருந்தால் ஜூலை 21 வரை மூன்று மாதம், அதற்கு மேல் 13 நாள்தான், அதனால் மூன்றரை மாதம், 4,200. மூட்டைக்கு இருபது ரூபாய் என்ற விலை மாறவே இல்லை. கடைசியில் கட்டுகிற தொகையில் மட்டும் 1,800 ரூபாய் வித்தியாசம். விலையைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசினாலும் மூட்டைக்கு ஒரு ரூபாய்தான் இறங்குவார்கள். அந்த நேரத்தில் மாதக் கணக்கைப் பேசியிருந்தால் அதைவிட எவ்வளவோ மிச்சமாகும்.

இதே இடத்தில் சீசன் வாடகையும் சொன்னார்கள். மூட்டைக்கு 100 ரூபாய், ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். கேட்க மலிவாக இருக்கும். ஆனால் ஐந்தாவது மாதம் முடியும்போதுதான் அது மாத வாடகைக்குச் சமமாகிறது. ஆடியில் சம்பாவுக்கு நாற்றுவிடக் காசு வேண்டும், எப்படியும் எடுத்துவிடுவோம் என்று தெரிந்தவர்களுக்குச் சீசன் வாடகை நஷ்டம். ஐப்பசி, தீபாவளி வரை வைத்திருக்கத் தெம்பு உள்ளவர்களுக்குத்தான் அது சரி. சீசன் வாடகை பேசுகிறவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முடிந்த மறுநாள் என்ன கணக்கு? சில இடங்களில் அங்கிருந்து மறுபடியும் ஒரு முழு சீசன் வாடகை விழும்.

இருப்பதில் பாதியை எடுத்தால் என்ன என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். நாங்கள் ஒரே ரசீதாகப் போடாமல் இருபது இருபது மூட்டையாக மூன்று லாட் போடச் சொன்னோம். லாட் நம்பரைச் சாக்கில் பெயிண்டால் எழுதச் சொன்னோம். ஒரு லாட்டை எடுத்தால் அதோடு அதன் வாடகை நின்றுவிடும். ஒரே ரசீது என்றால், கடைசி மூட்டை வெளியே போகும் வரை அறுபதுக்கும் வாடகை ஓடும் என்று சொல்கிற இடமும் உண்டு.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி. எங்களுக்கு உள்ளே 8, வெளியே 8, ஆக மூட்டைக்கு 16 ரூபாய். இதற்கு மேல் பில்லில் ஜிஎஸ்டி போட்டால் கேளுங்கள். விவசாய விளைபொருளைச் சேமிப்பதற்கும், ஏற்றி இறக்குவதற்கும் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. முழு உளுந்து அதில் வரும். உடைத்துப் பருப்பாக்கிக் கொண்டுபோய் வைத்தால் வராது.

இதுவரை சொன்னது வாடகை. எனக்கு வாடகையைவிடக் கவலை தந்தது, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி. 'உலர்வினால் ஏற்படும் எடைக் குறைவு 2 சதவீதம் வரை அனுமதிக்கப்படும்.' இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். முப்பது குவிண்டாலில் இரண்டு சதவீதம் 60 கிலோ. கிலோ 70 ரூபாய் என்று வைத்தாலும் 4,200 ரூபாய். மேலே அரை மாதக் கணக்கில் போட்ட மொத்த வாடகையும் அதேதான். அதாவது இறக்கிய சரக்கில் ஒரு மூட்டைக்கு மேல் குறைந்து வந்தாலும் கேள்வி கேட்க முடியாது என்று கையெழுத்துப் போடுகிறோம்.

நன்றாகக் காய்ந்த உளுந்து மூன்று நான்கு மாதத்தில் அவ்வளவு எடை இழக்காது. ஈரமாக உள்ளே போனால்தான் இழக்கும். 12 சதவீத ஈரப்பதத்துக்குள் இருந்தால்தான் ஆதரவு விலைக் கொள்முதலிலேயே எடுப்பார்கள். நாங்கள் அதற்கும் கீழே காயவைத்துக் கொண்டுபோயிருந்தோம். வீட்டில் பார்க்கிற வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான், பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஆனால் கடித்துப் பார்த்ததை ரசீதில் எழுத முடியாதே. அதனால் கிடங்கில் இருந்த ஈரப்பதமானியில், லாட்டுக்கு மூன்று மூட்டை வீதம் குத்தூசியால் எடுத்துப் பார்க்கச் சொன்னோம். 11.2 சதவீதம் வந்தது. அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்கினோம். அதை வைத்துத்தான் எடைக் குறைவை அரை சதவீதமாகப் பேசினோம். "காஞ்ச சரக்குக்கு எதுக்குண்ணே ரெண்டு சதவீதம்?" என்று கேட்டபோது மேனேஜரிடம் பதில் இல்லை. பேனாவால் இரண்டை அடித்து அரை என்று எழுதி, பக்கத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்.

எடை போடும்போதும் கவனம் வேண்டும். வண்டியோடு எடைமேடையில் ஏற்றினால் பத்து கிலோ முன்பின் காட்டும். இருபது மூட்டை ஏற்றிய சின்ன வண்டிக்கு, அரை சதவீதக் கணக்கெல்லாம் அந்தப் பத்து கிலோவில் அடிபட்டுப் போகும். மேடைத் தராசில் நான்கைந்து மூட்டையாக வைத்து எடை போட்டு, எடுக்கும்போதும் அதே தராசில் போட வேண்டும் என்று எழுதி வாங்குவதுதான் சரி.

இறக்குகிற நாளில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை சாம்பிள். இதற்கு வண்டுதான் காரணம். பயறு வண்டு வயலிலேயே, நெற்றின் மேலேயே முட்டை வைத்துவிடும். களத்தில் பார்க்கும்போது உளுந்து சுத்தமாகத்தான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் கருப்புத் தோலின் மேல் குண்டூசி முனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், அதுதான் முட்டை. குளிரில் புழுவின் வளர்ச்சி நின்றுவிடும். எல்லாம் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. வெளியே எடுத்துச் சூடு பட்டால் மிஞ்சியது வளர ஆரம்பிக்கும், வட்டமாக ஓட்டை போட்டு வண்டு வெளியே வரும். அப்போது நாம் கிடங்கில் வந்த வண்டு என்போம், அவர்கள் வயலில் வந்த வண்டு என்பார்கள். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். அதனால் இறக்கும்போதே லாட்டுக்கு ஒரு கிலோ இரண்டு பையில் எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒட்டி, ஒன்றை அவர்களும் ஒன்றை நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் உள்ள பை வீட்டுச் சூட்டிலேயே இருக்கட்டும். உள்ளே முட்டை இருந்திருந்தால் ஒன்று ஒன்றரை மாதத்துக்குள் அந்தப் பையிலேயே வண்டு தெரிந்துவிடும். தெரிந்தால் குறை நம்முடையது, உடனே சரக்கை எடுத்து விற்றுவிடலாம். தெரியாவிட்டால் பின்னால் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கிறது.

சரி, இவ்வளவு செய்தும் ஒரு லாட்டில் அடி வாங்கினோம். அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வகைச் சேதத்தைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

முதல் லாட்டை எடுக்கப் போனபோது காலையிலேயே சேம்பரிலிருந்து மூட்டைகளை இழுத்துப்போட்டு, நேராக வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டி அனுப்பிவிட்டார்கள். மழை இல்லை. சந்தையில் இறக்கும்போது சாக்கைத் தொட்டால் சில்லென்று ஈரம். பிரித்துக் கையை விட்டால் உளுந்து ஒன்றோடொன்று ஒட்டி வருகிறது. அன்று ஏலத்தில் யாரும் நல்ல விலை கேட்கவில்லை. இரண்டு நாளில் சாக்கின் ஓரத்தில் பூஞ்சை வாடை வந்துவிட்டது. கரண்டு போகவில்லை, கிடங்கு ஒழுகவில்லை, பின் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வந்தது. சேம்பருக்குள் எட்டு பத்து டிகிரியில் இருந்த மூட்டை, ஆடி மாதத்து ஈரக் காற்றில் வந்து விழுந்தால் அதன் மேல் நீர் பூத்துவிடும், பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்புறம் போல. தார்ப்பாயைப் போட்டு மூடியதால் அந்த ஈரம் உலரவும் வழியில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சேம்பருக்கு வெளியே உள்ள முன்னறைக்கு மூட்டையைக் கொண்டுவந்து, சாக்கைப் பிரிக்காமல், இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு இரவாவது வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற தானியமும் வெளிக் காற்றின் சூட்டுக்கு வந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவதும் பிரிப்பதும். சாக்கைத் தொட்டால் குளிர்ச்சி தெரியக் கூடாது. கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாததல்ல. முன்னறையில் இடம் இல்லை, அடுத்த லோடு நிற்கிறது, அவ்வளவுதான்.

போய்க் கேட்டதற்கு, "கதவைத் தாண்டிட்டா எங்க பொறுப்பு இல்ல தம்பி, ரசீதுல போட்டிருக்கு" என்றார்கள். அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஆனால் இறக்கியபோது 11.2 என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த சாம்பிள் பை காய்ந்து கலகலவென்று இருந்தது. சேம்பரிலிருந்து எடுத்த நேரமும் கேட்பாஸில் வண்டி வெளியேறிய நேரமும் இருந்தன, இடையில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. சந்தையில் வாங்கிய எடைச்சீட்டும் அன்றைய ஏல விலைச் சீட்டும் வைத்திருந்தோம். மச்சான் கோபப்படாமல் இந்த நான்கையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். குளிரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் முறையும் சேமிப்பில் அடங்கியதுதான் என்று மட்டும் சொன்னார். அன்று முடியவில்லை. பிறகு முதலாளி வந்து பேசி, அந்த லாட்டின் வாடகையை முழுதாகத் தள்ளி, விலைக் குறைவில் பாதியைக் கொடுத்தார். முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் மீதி இரண்டு லாட்டும் முன்னறையில் ஒரு இரவு இருந்துதான் வெளியே வந்தன, நல்ல விலைக்கும் போயின.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும். அப்படிக் காத்தும் கெட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அவர் பொறுப்பில்லை. ஆகவே 'கெட்டுப்போச்சு' என்று மட்டும் சொல்வதைவிட, எந்தக் கவனத்தை அவர்கள் எடுக்கவில்லை என்று காட்டினால் நம் பக்கம் வலுவாகும். நம் கேஸில் அது முன்னறை. இன்னொருவருக்கு அது ஜெனரேட்டர் ஓடாத இரவாக இருக்கலாம், சேம்பர் வெப்பநிலைப் பதிவேட்டில் விடுபட்ட பக்கமாக இருக்கலாம். 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த கிடங்கு என்றால் இன்னும் பலம். அந்த ரசீதை வைத்து வங்கியில் கடனும் வாங்கலாம். அதனால் பதிவு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பேசித் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விவசாயி விற்பதற்காகத்தானே வைத்தார், அவர் எப்படி நுகர்வோர் என்று எதிர்த்தரப்பு கேட்கும். கர்நாடகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்து விவசாயிகளின் விளைபொருள் எரிந்த வழக்கில், அவர்கள் நுகர்வோர்தான் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சேதம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, நம்மில் யாருக்கும் அதற்கு மேல் வராது.

ஆனால் ஒரு கையெழுத்து இதையெல்லாம் கெடுத்துவிடும். வெளியே எடுக்கும்போது ரிஜிஸ்டரில் 'சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்கு நேரே கையெழுத்துக் கேட்பார்கள். வண்டி நிற்கிறது, லோடுமேன் அவசரப்படுத்துகிறார் என்று போட்டுவிடாதீர்கள். இரண்டு மூட்டையாவது குத்திப் பார்த்து, ஈரமோ வாடையோ இருந்தால் அதே வரியில் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன், சாக்கு ஈரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று எல்லாக் கிடங்கிலும் சொல்வார்கள். எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் தீ விபத்துக்கான பாலிசியாக இருக்கும். குளிர் இயந்திரம் பழுதாகிச் சரக்கு கெட்டால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும், தீ பாலிசியில் அது வராது. அப்புறம், ரசீதில் மூட்டையின் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வழக்கமாக 2,000 ரூபாய் என்று ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். இழப்பீடு பேசும்போது அதற்கு மேல் வராது. ஐம்பது கிலோ உளுந்து 3,500 ரூபாய்க்குப் போகும் நாளில் 3,500 என்றே எழுதச் சொல்லுங்கள்.

புயல் பற்றிய வரியையும் விடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது நம் பக்கம் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். 'இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பல்ல' என்று ரசீதில் இருப்பதை முழுதாக எடுக்க வைக்க முடியாது, அது நியாயமும் அல்ல. புயல் அடித்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓட்டுவதும், டீசல் கையிருப்பு வைப்பதும், இரண்டு நாளுக்கு மேல் குளிர் இல்லாவிட்டால் போனில் சொல்வதும் அவர்கள் கையில் உள்ளவை. அந்த மூன்றையும் தனி வரியாகக் கேட்டோம். போனில் சொல்வதற்கு மட்டும் எழுத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, வைப்பதா வேண்டாமா என்ற கணக்கு. குவிண்டாலுக்கு எங்கள் வாடகை, தேதிக்குத் தேதி கணக்கில் 160, கூலி 32. களத்தில் 7,000 ரூபாய்க்கு விற்காமல் வைத்ததால், அந்தப் பணத்துக்கு நகைக்கடன் ஒன்பது சதவீதம் என்று போட்டால் மூன்றரை மாத வட்டி 184. அரை சதவீத எடைக் குறைவு 35. எல்லாம் சேர்த்து 411 ரூபாய். ஆடியில் குவிண்டால் 7,411க்கு மேல் போனால்தான் லாபம். இதில் போகவர வண்டி வாடகை சேரவில்லை. பத்துப் பதினைந்து மூட்டை உள்ளவர் தனி வண்டி பிடித்துப் போனால் கணக்கு இடிக்கும், நாலு பேர் சேர்ந்து லாட் பிரித்துப் போட்டால் தாங்கும். இரண்டு மாதத்துக்குள் விற்கப்போகிறவர்களுக்குக் குளிர்கிடங்கே தேவையில்லை. நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத பையில் கட்டினால் அதுவரை வண்டைத் தடுக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துச் சாதாரணக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கவும் வழி இருக்கிறது.

வரும் சித்திரைக்கு எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து போகிறோம். 'எடுப்பதற்கு முன் முன்னறையில் ஒரு இரவு' என்பதை ரசீதிலேயே எழுதித் தர அந்தக் கிடங்குக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த இரவுக்குத் தனி வாடகை உண்டா என்பதுதான் இன்னும் பேச்சில் நிற்கிறது.